படுக்கை நேரப் படங்களைக் கிழித்தெறிகிற மகன்

வணக்கம் மிஸ். மகனுக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும். இரணைமடுப் பக்கம் எங்கள் ஊர். இரவில் அவனைப் படுக்க வைப்பது பெரும்பாடாக இருக்கிறது. போனில் பார்த்து, படுக்கப் போகும் ஒழுங்கைக் காட்டும் ஒன்பது கார்ட்டூன் படங்களைக் கலரில் எடுத்து, லமினேட் பண்ணிச் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாள் ஆசையாகப் பார்த்தான். மூன்றாம் நாள் பிய்த்தெறிந்துவிட்டான். எட்டு மணிக்குத் தொடங்கினால் நித்திரையாகப் பத்தரை ஆகிறது. காலையில் ஏழு மணிக்கு எழும்புவான். பகலில் மூன்று மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும்புவான். அவர் வயலால் வர ஒன்பது மணியாகும். மாமி, "உந்தப் படமெல்லாம் சுகமில்லாத பிள்ளைகளுக்கு. யானை வருது எண்டு சொல்லு, படுப்பான்" என்கிறா. மகன் நன்றாகக் கதைப்பான். என் பிள்ளைக்கு ஏதும் குறையா? படங்களை விட்டுவிடவா?

அன்புள்ள தங்கச்சிக்கு,

படங்களை விடவேண்டாம். அந்த ஒன்பது படங்களை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மகனில் குறை ஒன்றும் தெரியவில்லை. பிழை இரண்டு இடத்தில் இருக்கிறது: படங்கள் அவனுடைய வீட்டைக் காட்டவில்லை, நேரமும் அவனுடைய நித்திரைக்குப் பொருந்தவில்லை.

முதலில் மாமி சொன்னதற்கு வருகிறேன். அவ சொன்னதில் பாதி சரி. ஒழுங்கைப் படமாக அடுக்கிக் காட்டும் முறை ஓட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்தவர்களால்தான் பெரிதாக வளர்ந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷொப்ளர் என்பவர் 1972 இல் தொடங்கிய திட்டம் அதில் முக்கியமானது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அது உதவிய காரணம் எல்லாச் சின்னப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். வாயால் சொன்ன சொல் சொன்ன உடனே போய்விடும். படம் நிற்கும். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு மணிக்கூடு தெரியாது. "படுக்கப் போவம்" என்றால், கையில் இருக்கிற விளையாட்டு பறிபோகிறது என்பது மட்டும்தான் அவனுக்கு விளங்கும். அதற்குப் பிறகு பாலும் கதையும் அம்மாவின் கையும் இருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரிந்தால் பயம் குறையும்.

ஆகவே, படம் தேவைப்படுவதை வைத்து ஒரு பிள்ளைக்கு ஓட்டிசம் என்று சொல்ல முடியாது. அதற்குப் பார்க்கவேண்டியவை வேறு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? ஒன்றைக் கண்டால் உங்களுக்குக் காட்டுவதற்காக விரல் நீட்டுகிறானா? வந்த சொற்கள் திரும்ப மறைந்துபோயினவா? இவற்றில் சந்தேகம் இருந்தால் கிளினிக் புத்தகத்தையும் கொண்டு உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் போங்கள். அவ சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புவா. நன்றாகக் கதைக்கிறான், ஆசையாகப் படம் பார்த்தான் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு அந்தக் கவலை இல்லை.

நித்திரை எங்கே போகிறது?

இந்தக் கணக்கை ஒருக்கால் என்னோடு சேர்ந்து பாருங்கள். இரவு பத்தரையிலிருந்து காலை ஏழு வரை எட்டரை மணித்தியாலம். பகலில் இரண்டரை. மொத்தம் 11 மணித்தியாலம். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்ன அளவு, மூன்று வயதுக்கு உட்பட்ட இந்தப் பருவத்துப் பிள்ளைக்குப் பகல் நித்திரையையும் சேர்த்து 11 தொடக்கம் 14 மணித்தியாலம். அப்படியென்றால் மகன் நித்திரை கொள்ளாத பிள்ளை இல்லை. கொள்ளவேண்டிய நித்திரையின் ஒரு பங்கைப் பின்னேரத்தில் கொண்டுவிடுகிறான்.

ஐந்தரைக்கு எழும்பிய பிள்ளைக்கு எட்டு மணிக்கு நித்திரை வராது. இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பகல் நித்திரையால் எழும்பினால் ஐந்து மணித்தியாலமாவது விழித்திருந்துதான் அடுத்த நித்திரைக்குத் தயாராவார்கள். ஐந்தரையோடு ஐந்தைக் கூட்டிப் பாருங்கள், பத்தரை. அவன் அடம் பிடித்து விழித்திருக்கவில்லை, உடம்பு சொன்ன நேரத்துக்குச் சரியாகப் படுக்கிறான். எட்டு மணிக்கு நீங்கள் படத்தைக் காட்டியபோது, நித்திரையில்லாத பிள்ளையை இரண்டரை மணித்தியாலம் படுக்கையில் மறிக்கவேண்டி வந்தது. அந்தச் சண்டைதான் படத்தின்மேல் போனது. படம் ஒழுங்கைக் காட்டும். நித்திரையை வரவழைக்காது.

எனவே பகல் நித்திரையை மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் முன்னுக்கு இழுங்கள். மூன்று மணி, பிறகு இரண்டரை, பிறகு இரண்டு என்று வந்து, இரண்டு கிழமையளவில் மத்தியானச் சோறு முடிந்த கையோடு பன்னிரண்டரைக்கோ ஒரு மணிக்கோ படுக்க வேண்டும். ஒன்றரை மணித்தியாலம் போதும், அதற்குமேல் மெதுவாக எழுப்பிவிடலாம். காலையில் ஆறரைக்கு எழுப்புங்கள். இரவு எத்தனை மணிக்குப் படுத்தாலும் அந்த ஆறரை மாறக்கூடாது.

இரவுப் படங்களைத் தொடக்கத்தில் எட்டு மணிக்கு எடுக்கவே வேண்டாம். பத்து மணிக்கு எடுங்கள். ஆம், பத்து மணிதான்! பத்தரைக்குத் தலையணையில் தலை வைக்கட்டும். அந்த நேரம் அவனுக்கு உண்மையாகவே நித்திரை வரும், ஆகவே படங்களின் கடைசியில் நித்திரை இருக்கிறது என்பதை முதல் நாளே அவனுடைய உடம்பு பழகும். படுத்து இருபது நிமிடத்துக்குள் நித்திரையானால் மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பத்தரையிலிருந்து எட்டரைக்கு வர எட்டுப் படி, அதாவது ஏறக்குறைய 24 நாள். இடையில் ஒரு படியில் இழுபட்டால் அங்கேயே இன்னும் மூன்று நாள் நில்லுங்கள். ஏழு மணிக்குப் பிறகு போனும் ரி.வியும் வேண்டாம்.

ஐந்தே ஐந்து படம்

நீங்கள் எடுத்த கார்ட்டூனில் குளிக்கும் தொட்டி இருந்திருக்கும், கால் உயர்ந்த கட்டில் இருந்திருக்கும். உங்கள் வீட்டில் அவை இல்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் படம் ஒரு பொருளைக் குறிக்கிறது என்பதே இப்போதுதான் பிடிபடத் தொடங்கியிருக்கும். ஆகவே அவனுடைய கோப்பையே படத்தில் இருக்கவேண்டும், ஏதோ ஒரு கோப்பை சரிவராது. ஒன்பது படமும் அவனுக்குக் கூட. ஐந்து போதும்.

ஒழுங்கை உங்கள் வளவைப் பார்த்துத் தீர்மானியுங்கள். மலசலகூடமும் தண்ணீர்க் குழாயும் வெளியில்தானே இருக்கும்? அப்படியென்றால் வெளி வேலை எல்லாம் ஒரே பயணத்தில் முடியவேண்டும். உள்ளே வந்த பிறகு திரும்ப இருட்டுக்குள் போகக்கூடாது. முதலாவது படம் பால் கோப்பை. பல்லு மினுக்கின பிறகு பால் கொடுத்தால் இரவு முழுக்கப் பல்லில் இனிப்பு நிற்கும், அதனால் பால் முன்னுக்கு வரவேண்டும், போத்தலில் இல்லாமல் கோப்பையில். இரண்டாவது அவனுடைய பல்லுப் பிரஷ். மூன்றாவது கால் கழுவும் வாளியும் செருப்பும். சலம் போவதும் அந்த நேரத்திலேயே முடியட்டும். நாலாவது நுளம்பு வலைக்குள் விரித்த பாய், அதுதான் கதை நேரம். ஐந்தாவது அவனுடைய தலையணை. லைற் சுவிட்சைக் கடைசிப் படமாக வைக்காதீர்கள். கரண்ட் போன இரவில் அந்தப் படம் பொய்யாகிவிடும். தலையணை எந்த இரவிலும் இருக்கும். உடுப்பு மாற்றுவதில் சண்டை வந்தால் அதைப் பின்னேரக் குளிப்போடு முடித்துவிடுங்கள், படத்தில் சேர்க்கவேண்டாம்.

படங்களை நீங்களே போனில் எடுக்கலாம். பகல் வெளிச்சத்தில், வெறும் பாயில் பொருளை வைத்து, நீங்கள் குந்தியிருந்து அவனுடைய கண் உயரத்திலிருந்து எடுங்கள். படத்தில் அந்தப் பொருள் மட்டும் இருக்கவேண்டும். பின்னால் கொடியில் உடுப்புக் காய்ந்தால் அவன் உடுப்பைத்தான் பார்ப்பான். கடையில் சாதாரண போட்டோ அளவில், அஞ்சலட்டையளவு, எடுத்து, பெட்டி மட்டையில் ஒட்டி, மூலைகளை உருண்டையாக வெட்டுங்கள். லமினேட் பண்ணினால் மூலை கூராக நிற்கும், பல்ப் வெளிச்சத்தில் பளபளத்துப் படமும் தெரியாது.

கயிறு கட்டித் தொங்கவிடவேண்டாம், கழுத்தில் சிக்கும். பழைய சாரியில் ஐந்து பை வைத்து ஒரு நீளத் துணி தைத்து, அவனுடைய கை எட்டும் உயரத்தில், மேலிருந்து கீழாகச் சுவரில் அறைந்துவிடுங்கள். அதன் அடியில் ஒரு வெறும் பிஸ்கற் தகரம். ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தை அவனே எடுத்துத் தகரத்துக்குள் போடவேண்டும். அந்த 'டக்' என்ற சத்தம் சின்ன விஷயம் இல்லை. "முடிஞ்சுது" என்பது அவன் கையால் நடக்கிறது. சுவரில் ஒட்டிய படத்தை அவனால் ஒன்றும் செய்ய முடியாதபடியால், பிய்த்தான். இப்போது பிய்ப்பதற்குப் பதில் எடுத்துப் போட ஒரு வழி இருக்கிறது.

வாயைக் குறையுங்கள்

படத்தைத் தூக்கிப் பிடித்து "பார், படம் என்ன சொல்லுது, போ" என்று சொன்னால் படமும் இன்னொரு அதட்டல்தான். முதல் இரண்டு நாள் இரவில் எடுக்காமல், பகலில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து விளையாடிக் காட்டுங்கள். பிறகு இரண்டு நாள் இரவில் இரண்டே படம்: "முதல் பல்லு, பிறகு கதை." அதன்பின் ஐந்தும்.

விளையாட்டிலிருந்து எழுப்புவதுதான் கஷ்டமான இடம். அங்கே படத்தைவிடக் கோப்பை உதவும். பால் கோப்பையை அவனுடைய கையில் கொடுத்து, அவனோடு துணிப் பைக்கு நடந்துபோய், "இது எங்க இருக்கு?" என்று கேளுங்கள். கோப்பையையும் படத்தையும் அவன் பொருத்திப் பார்ப்பான், அதுவே தொடக்கம். அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை மட்டும் "அடுத்தது என்ன?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் நில்லுங்கள். இது அம்மாமாருக்கு மிகவும் கஷ்டம், எனக்குத் தெரியும். பதில் வராவிட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். திரும்பத் திரும்பக் கேட்கவேண்டாம்.

தெரிவு கொடுக்கலாம், ஆனால் செய்வதா விடுவதா என்பதில் இல்லை. "பல்லு மினுக்குவமா?" என்று கேட்டால் "இல்லை" என்பான், அது நேர்மையான பதில். "நீ முதல் மினுக்கிறியா, அம்மா முதலா?" என்று கேளுங்கள். குழப்படி செய்ததற்காகக் கதைப் படத்தை ஒருநாளும் எடுத்துவிடாதீர்கள். இன்று இருக்கும் கதை நாளை இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், அந்த அடுக்கை அவன் நம்பமாட்டான்.

ஒவ்வொரு இரவும் ஒரே இடத்தில் மறித்தால் அந்த இடத்தைப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பெண்பிள்ளை, இவனுடைய வயதுதான், பிரஷ் படத்தை மட்டும் தினமும் பாய்க்கு அடியில் ஒளித்து வைத்தாள். தாய் அதைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தா. பற்பசையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். பெரியவர்களுடைய காரமான பசை, அதுவும் பிரஷ் முழுக்கப் பூசி. சிறுபிள்ளைப் பசையை ஒரு அரிசி மணியளவு பூசியதும் படத்தை ஒளிப்பது நின்றுவிட்டது. மூன்று வயதுக்குள் அந்த அரிசி மணியளவுதான் கணக்கு.

யானையும் அப்பாவும்

தெற்கே நகரத்தில் ஒரு பாட்டி "யானை வருது" என்றால் அது கதை. எங்கள் பக்கத்தில் அது கதை இல்லை. வயற்கரையில் யானை வெடி போடும் சத்தம் பிள்ளைக்குக் கேட்கும், காலையில் முறிந்த வாழையைக் காட்டி ஆட்கள் கதைப்பார்கள். அந்தப் பயத்தோடு கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளை படுத்திருப்பான், நித்திரையாகமாட்டான். நடுச்சாமத்தில் எழும்பி அழவும் செய்வான், சலம் போக வெளியில் வரவும் மாட்டான். வெடிச் சத்தத்தைப் பற்றி அவன் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: "யானையைக் காட்டுக்கு அனுப்புகினம். நாங்கள் வீட்டுக்குள்ள இருக்கிறம்."

மாமியோடு இதற்காகச் சண்டை பிடிக்கவேண்டாம். இத்தனை பிள்ளைகளைப் படுக்கவைத்த கை அவவுடையது. நாலாவது படத்தை அவவிடம் கொடுத்துவிடுங்கள். வலைக்குள் கதை சொல்வது அப்பாச்சியின் வேலை, யானை இல்லாத ஒரே ஒரு கதை. தனக்கென்று ஓர் இடம் இருந்தால், படத்தைக் குறைசொல்ல அவவுக்குக் காரணம் குறையும்.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் எழுதியது. அவர் ஒன்பது மணிக்கு வருகிறார். மகன் எட்டு மணியிலிருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறானா என்று இரண்டு நாள் கவனியுங்கள். அப்படியென்றால், படுக்கும் நேரம் ஒன்பதுக்கு முன்னால் வரும்போது மறிப்பு மறுபடி கூடும். அதற்கு ஆறாவதாக ஒரு படம் வைக்கலாம்: காலையில் தேத்தண்ணியோடு திண்ணையில் இருக்கிற அப்பா. தலையணைப் படத்துக்குக் கீழே அது நிற்கும், அதைத் தகரத்தில் போடுவது காலையில்தான். ஆனால் ஆறரைக்குக் கால் மணித்தியாலமாவது அவர் உண்மையாக அவனோடு இருக்கவேண்டும். காலபோக வெட்டு நேரம், இரவில் தண்ணீர் கட்டப்போகும் நாள் என்று அவர் காலையில் வீட்டில் இல்லையென்றால், முதல் நாள் இரவே அந்தப் படத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

சரிவருகிறதா என்று எப்படித் தெரியும்

ஒரு கொப்பியில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: முதற் படம் எடுத்த நேரம், நித்திரையான நேரம், படுத்த பிறகு எத்தனை தரம் கூப்பிட்டான். முதற் கிழமை கூப்பிடுவது கூடலாம். பழைய வழி இன்னும் வேலை செய்கிறதா என்று அவன் பார்க்கிறான். கூப்பிட்டால் போய், முதுகில் கை வைத்து, "எல்லாம் தகரத்துக்குள்ள போட்டாச்சு, இப்ப தலையணை" என்று அதே வசனத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். புதிதாக ஒரு கதையோ தண்ணியோ சேர்த்தால் அடுத்த நாள் அதுவும் ஒரு படமாகிவிடும்.

ஜோடி மிண்டல் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2009 இல் 405 தாய்மாரோடு செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏழு மாதத்திலிருந்து மூன்று வயது வரையான பிள்ளைகள். ஒவ்வொரு இரவும் ஒரே ஒழுங்கில் படுக்கவைத்தபோது இரண்டு கிழமைக்குள் பிள்ளைகள் விரைவாக நித்திரையானார்கள், இரவில் எழும்புவதும் குறைந்தது. அங்கே ஒழுங்குதான் வேலை செய்தது. உங்கள் வீட்டில் நீங்கள், மாமி, அவர் என்று மூன்று பேர் அவனைப் படுக்கவைக்கிறீர்கள். அந்த மூன்று பேரும் ஒரே ஒழுங்கைப் பிடிக்கத்தான் படம்.

நேரத்தைத் திருத்தி, ஒழுங்கை மாற்றாமல் மூன்று கிழமை செய்தும் கொப்பியில் மாற்றம் இல்லாவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள். பெரும்பாலான இரவுகளில் குறட்டை விடுவது, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவது, இரவு முழுக்கக் காலை உதைத்துக்கொண்டு புரள்வது, வெளிறிப்போய் இருப்பது என்றால் மூன்று கிழமை காத்திருக்கவேண்டாம். தொண்டைச் சதையோ இரும்புச்சத்துக் குறைவோ இருக்கலாம், அதற்குப் படம் மருந்தாகாது.

ஒருநாள் அவனே படத்தைப் பார்க்காமல் "இப்ப கால் கழுவுறது" என்று முன்னால் ஓடுவான். அப்போது அந்தப் படத்தை மட்டும் பையிலிருந்து எடுங்கள், மற்றவை இருக்கட்டும். காய்ச்சல் வந்தாலோ, வீட்டுக்கு ஆட்கள் வந்து ஒழுங்கு குழம்பினாலோ ஐந்தையும் திரும்ப வையுங்கள். தகரத்தைக் கைவிடாமல் வைத்திருங்கள், அதைத்தான் அவன் கடைசிவரை கேட்பான்.